வேற்று மதத்து அக்கம்பக்கத்தாரைப் பண்டிகை விருந்துக்கு அழைக்க: படிப்படியாக

முதல் வருடம் பன்னிரண்டு வீடுகளை அழைத்தோம். வந்தது மூன்று வீடு. அதில் ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். தட்டை நீட்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே, "இப்பதான் சாப்பிட்டேன்" என்றார். நானும் விடாமல், "ஒரு வாயாவது சாப்பிடுங்க ஐயா" என்று மூன்று தடவை கேட்டேன். அன்பு என்று நினைத்துத்தான் கேட்டேன். மறுவாரம் படிக்கட்டில் பார்த்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது சாமிக்குப் படைச்சதான்னு கேட்கணும்னு நெனச்சேன். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

அவரை அப்படித் திணற வைத்தது நான்தான். வருகிறவர் சாப்பிடலாமா கூடாதா என்று முடிவெடுக்கத் தேவையான விவரத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தால் அவர் கேட்கவும் வேண்டியதில்லை, பொய் சொல்லவும் வேண்டியதில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்: விருந்தாளி வாய் திறந்து மறுக்கவேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. உங்கள் பண்டிகை எந்த மதத்துப் பண்டிகையாக இருந்தாலும் இது பொருந்தும்.

1. நாளும் நேரமும்: மூன்று வாரம் முன்பே

பண்டிகை நாளன்றே விருந்து வைக்காதீர்கள். அன்று வீட்டில் வழிபாடு இருக்கும், உறவினர் கூட்டம் இருக்கும். அந்த நடுவில் வந்து நிற்கிறவருக்கு, சடங்கில் நாமும் சேரவேண்டுமோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள். வழிபாடும் விருந்தும் தனித்தனி நாளாகிவிட்டால் பாதிச் சங்கடம் போய்விடும்.

எங்களுக்குச் சரிப்பட்டது ஞாயிறு மதியம் 12 முதல் மாலை 5 வரை. தேவாலயம் போகிறவர்கள் காலை ஆராதனை முடித்து வந்துவிடலாம். வெள்ளி மதியம் முஸ்லிம்களுக்கு ஜும்ஆ தொழுகை. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். ஏழாம்நாள் ஓய்வுநாளை அனுசரிக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அதே பொழுதுதான். சமணர்களில் பலர் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை, அதனால் இரவு விருந்து என்றாலே அவர்கள் விலகிவிடுவார்கள். ஞாயிறு மதியத்தில் இவை எதுவும் குறுக்கே வராது.

பிறகு நாட்காட்டியைப் பாருங்கள். ரமலான் மாதம் ஒவ்வொரு ஆண்டும் 10 அல்லது 11 நாள் முன்னால் நகரும். சென்ற ஆண்டு இடிக்கவில்லை என்பதை நம்பி இந்த ஆண்டு தேதி வைக்காதீர்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் விருந்துகளையே விடுவார்கள். சமணர்களின் பர்யூஷண நோன்பு நாட்கள் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். இடித்தால் ஒரு வாரம் தள்ளுங்கள், தள்ள முடியாவிட்டால் அந்த வீட்டாரை அந்த மாதம் முடிந்தபின் தனியாக அழையுங்கள்.

நேரத்தை "12 மணிக்கு" என்று சொல்லாமல் "12 முதல் 5 வரை, எப்போது வேண்டுமானாலும்" என்று சொல்வதில் இன்னொரு வசதி உண்டு. பத்து நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகிறவருக்கும் அது முழு வருகைதான். திறந்த இல்ல விருந்து என்று பெயர் வைத்ததே அதற்காகத்தானே.

2. அழைப்பு: பத்து நாள் முன்பு, எழுத்தில்

பொதுக் குழுவில் ஒரே செய்தியாகப் போடாதீர்கள். முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன். நாலு பேர் "கண்டிப்பா வர்றோம்" என்று எழுதியதும், வரமுடியாதவர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மறுக்கவேண்டிய நிலை வந்தது. சிலர் மறுக்காமல் மௌனமானார்கள். அதன் பிறகு லிஃப்டில் என் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தார்கள்.

வீடு வீடாகப் போங்கள். ஒரு சின்னச் சீட்டைக் கையில் கொடுத்து, "முடிஞ்சா வாங்க, இப்பவே சொல்லவேண்டாம்" என்று சொல்லிவிட்டு அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுங்கள். வாசலில் நின்று பதிலுக்குக் காத்திருப்பதுதான் அழுத்தம். இரண்டாம் வருடம் நாங்கள் கொடுத்த சீட்டு இது. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

> வணக்கம். எங்கள் பண்டிகையையொட்டி வரும் ஞாயிறு மதியம் 12 முதல் 5 வரை வீடு திறந்திருக்கும். நேரம் கிடைத்தால் வாருங்கள், எவ்வளவு நேரம் இருந்தாலும் மகிழ்ச்சி. அன்று வழிபாடு எதுவும் இல்லை, சாப்பாடும் பேச்சும்தான்.
>
> எல்லாம் சைவம். முட்டை, மது, ஜெலட்டின் இல்லை. படைத்த உணவு எதுவும் பரிமாறப்படாது. பூண்டு, வெங்காயம், கிழங்கு சேர்க்காத உணவும் தனியாக உண்டு. வெட்டாத பழமும் பிரிக்காத பொட்டலமும் இருக்கும். எங்கள் சமையலறையில் மற்ற நாட்களில் இறைச்சி சமைப்பதுண்டு.
>
> ஒவ்வாமையோ வேறு கட்டுப்பாடோ இருந்தால் வியாழனுக்குள் ஒரு வரி அனுப்புங்கள், காரணம் சொல்லவேண்டாம். பரிசு எதுவும் வேண்டாம். செருப்பை வாசலில் விடும் வழக்கம். வரமுடியாவிட்டால் சொல்லவேண்டும் என்றில்லை.

இதில் மூன்று வரிகளை விட்டுவிடாதீர்கள். "வழிபாடு எதுவும் இல்லை" என்பது முதலாவது. உங்கள் வீட்டில் அன்று வழிபாடு உண்டு என்றால் எத்தனை மணிக்கு என்று எழுதிவிடுங்கள், அந்த நேரத்தைத் தவிர்த்து வர அவர்களால் முடியும். மறைத்துவைத்து நடுவில் ஆரம்பிப்பதுதான் மோசம். இரண்டாவது, "மற்ற நாட்களில் இறைச்சி சமைப்பதுண்டு" என்பது. இதைப் படித்துச் சிலர் சாப்பிடாமல் போகலாம், பரவாயில்லை. பின்னால் தெரிந்து வருந்துவதைவிட அது நல்லது. மூன்றாவது, "காரணம் சொல்லவேண்டாம்." பூண்டு வேண்டாம் என்று எழுதுகிறவர் மதத்தினால் எழுதுகிறாரா வயிற்றுக்கோளாறினால் எழுதுகிறாரா என்பது உங்களுக்கு எதற்கு?

"கண்டிப்பா வரணும்", "நீங்க வரலேன்னா கோவிச்சுப்பேன்" என்பதெல்லாம் உறவுக்காரர்களிடம் செல்லுபடியாகும் அன்பு. இங்கே வேண்டாம். நினைவூட்டலும் ஒரே ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, தனித்தனிச் செய்தியாக.

பொதுக்கூடத்தையோ மொட்டைமாடியையோ பயன்படுத்துவதாக இருந்தால் குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வழி அனுமதியை நம்பி, அன்று காலை சாவி கிடைக்காமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. சமையல்: இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்

இறைச்சி வைக்கலாமா என்பது முதல் கேள்வி. என் பதில், வேண்டாம். ஹலால் இறைச்சி வாங்கி வைத்துவிட்டால் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் தீட்சைச் சடங்கில் அமிர்தம் பெற்ற சீக்கியர்களுக்குச் சடங்கு முறையில் அறுத்த இறைச்சி விலக்கு. யூதர்களின் கோஷர் உணவு முறைக்கு வேறு விதி. இந்துக்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் பலர், சில கிழமைகளில் எந்த இறைச்சியும் தொடாதவர்கள் பலர். ஒருவருக்குப் பொருந்தும் இறைச்சி இன்னொருவரை விலக்கிவிடும். சைவம் ஒன்றுதான் ஏறக்குறைய எல்லாரும் உட்காரக்கூடிய பந்தி. இறைச்சிதான் உங்கள் பண்டிகையின் உயிர் என்றால் அதைத் தனி மேசையில், தனிக் கரண்டியோடு, எழுதிய அட்டையோடு வையுங்கள். சைவ மேசையைப் பெரிதாக வையுங்கள்.

அடுத்தது படையல். உங்கள் வழக்கத்தில் உணவைப் படைப்பது உண்டென்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இறைவன் அல்லாத பெயர் சொல்லப்பட்டதை உண்ணக்கூடாது என்று குர்ஆன் சொல்கிறது (2:173). முஸ்லிம்கள் பலர் படைத்த இனிப்பையும் சோற்றையும்கூட அந்தக் கணக்கில்தான் வைக்கிறார்கள். கிறிஸ்தவர்களிடம் நிலைமை இன்னும் நுட்பமானது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் பவுல், ஒருவர் உங்களை விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம், ஆனால் இது படைக்கப்பட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் சாப்பிடவேண்டாம் என்கிறார். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு "இது பிரசாதம், எடுத்துக்குங்க" என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த நொடியில் அவருடைய கை பின்வாங்குவது இதனால்தான்.

தீர்வு எளிது. படையலுக்குச் சின்னப் பாத்திரத்தில் தனியாகச் சமையுங்கள். அது வீட்டாருக்கு. விருந்துக்கான பெரிய பாத்திரத்தில் அதைத் திரும்பக் கலக்காதீர்கள். எங்கள் வீட்டில் படைத்த சோற்றில் ஒரு பிடியை எடுத்துப் பெரிய பானையில் போடுவது வழக்கம், அப்படிச் செய்தால் முழுப்பானையும் படைத்ததாகிவிடும். என் மாமியாரிடம் இதை விளக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப சாமிக்குக் காட்டாமலே ஊருக்குப் போடுறதா?" என்றார். கடைசியில் படையல் முந்தின ஞாயிறே முடிந்துவிட்டது, இது வெறும் விருந்துதான் என்று ஒத்துக்கொண்டார். பண்டிகையையும் விருந்தையும் வேறு வேறு நாளில் வைக்கச் சொன்னதன் பலன் இங்கேயும் தெரிகிறது.

மற்ற மதத்து வீட்டில் விருந்து என்றாலும் இதே போன்ற கண்ணிகள் உண்டு. மதுவில் ஊறவைத்த பழங்கள் போட்ட கேக், பார்வைக்குச் சாதாரண கேக்தான். ஊறவைக்காத ஒன்றைத் தனியாகச் செய்து, வேறு வடிவத்தில் வெட்டி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு கேக் இருந்தால் அட்டை இருந்தும் மாறிப்போகும்.

பொருள் வாங்கும்போது கவனிக்கவேண்டியவை நாலைந்துதான். ஜெலி, மார்ஷ்மெல்லோ, சில வகைத் தயிர் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. வெனிலா எசென்ஸ் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தது. கூட்டுப் பெருங்காயத்தில் பொதுவாகக் கோதுமை மாவு உண்டு, கோதுமை ஆகாதவருக்குச் சாம்பார்கூட ஆபத்து. சமணர்களுக்கு மண்ணுக்கடியில் விளைவது ஆகாது என்றால் உருளைக்கிழங்கு மட்டுமில்லை, கேரட், பீட்ரூட், பச்சை இஞ்சி எல்லாம் அதில் சேரும். சுக்கும் மஞ்சள்தூளும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும், தேன் ஆகாது. பௌத்தர்களில் சைவம் அனுசரிக்கும் சிலர் பூண்டு, வெங்காயம் இரண்டையும் தவிர்ப்பார்கள். ஆகவே பூண்டு, வெங்காயம், கிழங்கு இல்லாத ஒரு சோறும் ஒரு குழம்பும் செய்துவிட்டால் இந்த இரண்டு பந்தியும் நிறைந்துவிடும். அதற்குப் புது எண்ணெய், தனிக் கரண்டி.

கோஷர் கண்டிப்பாக அனுசரிக்கும் யூதர் உங்கள் அடுப்பில் சமைத்த எதையும் சாப்பிடமாட்டார், எவ்வளவு கழுவினாலும். ஹலாலில் மிகக் கண்டிப்பாக இருப்பவரும் உங்கள் பாத்திரத்தை நினைத்துத் தயங்கலாம். இதை மனக்கசப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வெட்டாத ஆரஞ்சு, வாழைப்பழம், சான்று முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலம், மூடிய தண்ணீர்ப் போத்தல், காகிதத் தட்டு ஆகியவற்றை ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். எல்லாரும் எடுக்கும் இடத்தில் வையுங்கள். "உங்களுக்காகத் தனியா வெச்சிருக்கேன்" என்று ஒருவரைக் காட்டி அறிவித்தால் மறுபடி அவர் மேடையேறிவிடுவார்.

4. அட்டைகள்

ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஓர் அட்டை. அதில் மதத்தின் பெயரோ "ஹலால்", "சமணர்களுக்கு" போன்ற சொல்லோ வேண்டாம். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி நமக்கில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்: "சோறு. நெய், முந்திரி உண்டு. பூண்டு, வெங்காயம், கிழங்கு இல்லை." அவரவர் படித்து அவரவர் முடிவெடுப்பார்கள். அட்டை எழுத அரை மணி நேரம்தான் ஆகும். அன்று முழுவதும் நாற்பது பேரிடம் நாற்பது தடவை விளக்கம் சொல்வது மிச்சம்.

5. அளவும் செலவும்

எங்கள் இரண்டாம் வருடக் கணக்கைச் சொல்கிறேன். 14 வீடுகளை அழைத்தோம், மொத்தம் 38 பேர். வந்தது 9 வீடு, 26 பேர். ஒரே நேரத்தில் அதிகம் இருந்தது 11 பேர்தான், பிற்பகல் 1 மணிவாக்கில். பதினைந்து நாற்காலி வாடகைக்கு எடுத்தோம், எட்டு போதுமாயிருந்தது. அழைத்தவர்களில் முக்கால்வாசிக்குச் சமைத்தால் போதும் என்பது என் அனுபவம். மிச்சத்துக்குப் பொட்டலமும் பழமும் ஈடுகொடுக்கும்.

முழுதையும் ஒரேயடியாகச் சமைத்து மேசையில் வைக்காதீர்கள். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயிலென்றால் ஒரு மணி நேரம்தான். ஐந்து மணி நேர விருந்துக்கு மூன்று நடையாகப் பிரித்து, மிச்சத்தை அடுப்பில் ஆவி பறக்கவோ குளிர்பெட்டியிலோ வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஏறுவது உணவில் இல்லை, உணவின் எண்ணிக்கையில். இரண்டு சோறு, இரண்டு குழம்பு, ஒரு பொரியல், ஓர் இனிப்பு என்று நிறுத்துங்கள். பத்து வகை வைத்தால் எதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே மறந்துபோகும்.

6. அன்று வீட்டில்

வழிபாட்டு அறையை மறைக்கவேண்டியதில்லை, அது உங்கள் வீடு. ஆனால் சாப்பாட்டுக்குப் போகும் வழி அதற்குள்ளாக அமையக்கூடாது. குங்குமம், தீர்த்தம், நெற்றியில் இடுவது போன்றவற்றை வாசலில் எல்லாருக்கும் நீட்டாதீர்கள். பக்கத்து மேசையில் இருந்தால் விரும்புகிறவர் எடுத்துக்கொள்வார். நாய் வளர்த்தால் அன்று ஓர் அறையில் விடுங்கள், பயத்தினால் மட்டுமில்லை, நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்குமுன் கழுவவேண்டும் என்று கருதும் முஸ்லிம்கள் உண்டு. மது பரிமாறும் மேசையில் அவர்களில் பலர் உட்காரமாட்டார்கள், ஆகவே அது வேண்டாம். எதிர்பாலினத்தவரிடம் கைகுலுக்க முந்தாதீர்கள், அவர் நீட்டினால் குலுக்கலாம்.

பிற்பகலில் தொழுகை நேரம் வரும். யாராவது கடிகாரத்தைப் பார்த்தால், "உள்ளே ஒரு அறை காலியா இருக்கு, வேணும்னா பயன்படுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

பண்டிகையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அவர் இன்னும் கேட்டால் இன்னும் சொல்லுங்கள். கேட்காமல் பிரசங்கமோ, போகும்போது கையில் மதப் புத்தகமோ கூடாது. அவருடைய மதத்தைப் பற்றி அவரிடம் விசாரணை நடத்துவதும் அதே வகைதான். இருபது பேர் நடுவில் "உங்க ஆளுங்க ஏன் இப்படி?" என்று என் சித்தப்பா ஒருவரைக் கேட்டுவிட்டார். அடுத்த வருடம் அவருக்கு இலைபோடும் வேலையைக் கொடுத்துச் சமையலறைப் பக்கமே வைத்துக்கொண்டோம்.

தட்டு காலியாக இருந்தால் ஒரு தடவை கேளுங்கள், "வேண்டாம்" என்றால் அதோடு சரி. முன்பு சொன்ன பெரியவரிடம் நான் மூன்று தடவை கேட்டதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். படம் எடுத்தால் பதிவேற்றுவதற்குமுன் கேளுங்கள். அந்தப் படத்தை அவருடைய வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

7. மறுநாள்

வராத வீடுகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டாதீர்கள். வேண்டாம் என்று சீட்டிலேயே தப்பித்தவரை வாசலில் பிடிப்பது மாதிரி அது. ஏன் வரவில்லை என்றும் கேட்காதீர்கள். பிற மதப் பண்டிகைகளில் எந்த விதத்திலும் கலந்துகொள்ளாத மார்க்கத்தாரும் உண்டு, யெகோவாவின் சாட்சிகள் அப்படித்தான். அவர்களைப் பண்டிகையோடு சம்பந்தமில்லாத ஒரு சாதாரண நாளில் தேநீருக்கு அழையுங்கள், பெரும்பாலும் வருவார்கள்.

அவர்கள் தங்கள் பண்டிகைக்கு அழைத்தால் உங்கள் எல்லையை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், "நான் இறைச்சி சாப்பிடமாட்டேன், பழம் போதும்" என்று.

கடைசியாக ஒரு நோட்டை எடுத்து எழுதிவையுங்கள்: எத்தனை பேர், எது மிஞ்சியது, யார் என்ன எழுதி அனுப்பினார்கள். என் நோட்டில் இப்போது இருப்பது: மூன்றாம் மாடி, முந்திரி ஆகாது. எதிர்வீடு, 4 மணிக்குமேல்தான் வருவார்கள். கீழ்வீட்டுப் பெரியவர், பூண்டுச் சோறு இரண்டு தடவை, இனிப்பு தொடவில்லை, சர்க்கரை வியாதியாம்.